வினாத்தாளின் வெள்ளை ஓரம்

"கொஸ்டின் பேப்பர்ல ரிஜிஸ்டர் நம்பரைத் தவிர ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது." தமிழ்நாட்டில் பிளஸ் 2 பொதுத்தேர்வு எழுதிய எவருக்கும் இந்த அறிவிப்பு காதில் நிற்கும். அறைக் கண்காணிப்பாளராக நானே பல ஆண்டுகள் அதைச் சொல்லியிருக்கிறேன். கணக்கு ஆசிரியர் என்பதால் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடமும் இருந்தது. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிர். கேள்வியைப் படிக்கும்போதே கொடுத்திருப்பதை அடிக்கோடிடு, கேட்டிருப்பதை வட்டமிடு, படத்தின் மேலேயே அளவுகளைக் குறி என்றுதான் மாணவர்களைப் பழக்குவோம். பழகிய கையைத் தேர்வு நாளன்று மட்டும் கட்டிவிடுவோம்.

அந்த விதிக்குக் காரணம் உண்டு. பழைய பிளஸ் 2 கணக்குத் தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு. அதில் 40 ஒரு மதிப்பெண் வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். கெட்டிக்கார மாணவர் ஒருவர் வினாத்தாளில் 40 டிக் போட்டுவிட்டால் அது நாற்பது மதிப்பெண்ணுக்கான பிட் ஆகிவிடும். அதைப் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாலே போதும், பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்வார். குறிப்பே இல்லாத சுத்தமான தாளை மேசையில் வைத்துவிட்டு, குறித்த தாளைக் கைமாற்றுவதும் நடந்திருக்கிறது. எல்லார் கையிலும் ஒரே மாதிரியான தாள் இருப்பதால் எது யாருடையது என்று சொல்லவும் முடியாது. வினாத்தாளின் மேல் மூலையில் பதிவு எண்ணுக்குக் கட்டம் அச்சடித்திருப்பதும், தாள் கைக்கு வந்ததும் எண்ணை எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். பின்னாளில் ஏ டைப், பி டைப் என்று ஒரு மதிப்பெண் வினாக்களின் வரிசையை மாற்றிக் கொடுத்தார்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரரின் டிக் அதற்குப் பிறகு உதவாமல் போனது. ஆனால் குறிக்கக் கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

அப்படியானால் ரஃப் ஒர்க் எங்கே போடுவது? விடைத்தாளிலேயே போட வேண்டும். வலப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பென்சில் கோடு, மேலே 'ரஃப்' என்று ஒரு சொல், அந்த ஓரத்தில் பெருக்கல், வகுத்தல், மடக்கை. இந்த வழக்கம் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் ஆழமாகப் பதிந்தது. விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஓரத்தின் அருமை தெரியும். பத்து மதிப்பெண் கணக்கில் நடுவில் ஓர் எண் திடீரென்று மாறி நிற்கும். எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஓரத்தில் 7 × 8 = 54 என்று இருக்கும். படிநிலைக்குப் படிநிலை மதிப்பெண் போடும் முறையில் இது கூட்டல் பெருக்கல் பிழை, முறை சரி என்று அந்த ஓரம் நமக்குச் சொல்லிவிடும். அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு மீதியைத் தருவோம். ஓரம் வெறுமையாக இருந்தால் மாணவருக்கு முறையே தெரியவில்லையோ என்ற ஐயம் வரும். ரஃப் ஒர்க்குக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் அது விடையோடு ஒரே தாளில் இருந்ததால் மாணவருக்குச் சாட்சி சொன்னது.

தேர்வு முடிந்ததும் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வினாத்தாளை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். வாசலில் அப்பா நிற்பார், டியூஷன் சார் நிற்பார். அந்தக் காலத்தில் அந்தத் தாள் போன இடங்கள் அதிகம். முதலில் வீட்டில், "ஒண்ணாம் கேள்விக்கு என்ன போட்ட?" என்ற விசாரணை. டிக் போடக் கூடாது என்பதால் மாணவர் நினைவிலிருந்துதான் சொல்வார். அடுத்து பள்ளியில், ஆசிரியர்கள் சேர்ந்து விடை எழுதிப் பார்ப்பார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டிருக்கிறார்களா, அச்சுப்பிழை இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். இருந்தால் கடிதம் போகும், திருத்தும் முகாம் தொடங்குவதற்குள் அந்த வினாவைத் தொட்டாலே மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேரும். பிறகு அந்தத் தாள் அடுத்த ஆண்டு தம்பிக்குப் போகும், பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிடும் வினா வங்கிப் புத்தகத்துக்குள்ளும் போகும்.

இன்றைய பொதுத்தேர்வில் விடைத்தாள் தைத்த புத்தகமாக வருகிறது, முகப்புத்தாளில் மாணவர் படமும் பார்கோடும் இருக்கின்றன. கூடுதல் தாள் வாங்கி நூல் கட்டும் பரபரப்பு போய்விட்டது. கணக்கு 90 மதிப்பெண்ணாகி, ஒரு மதிப்பெண் வினாக்கள் 20 ஆகக் குறைந்துவிட்டன. காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, 10.10 வரை படிக்க நேரம், அடுத்த 5 நிமிடம் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க, 10.15க்கு எழுதத் தொடங்கலாம். மாணவரிடமிருந்து எதையும் பறிக்காத நல்ல மாற்றம் இது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்திலும் கையில் பேனா எடுக்கக் கூடாது. எந்த ஐந்து மதிப்பெண் கணக்கை எடுப்பது, எதை விடுவது என்பதை மனத்திலேயே முடிவு செய்ய வேண்டும். வினாத்தாள் வீட்டுக்குப் போகும் உரிமையும் அப்படியே இருக்கிறது. பள்ளித் தேர்வைப் பொறுத்தவரை இந்தக் கதை ஏறக்குறைய இவ்வளவுதான். பெரிய மாற்றம் நடந்தது நுழைவுத் தேர்விலும் வேலைத் தேர்விலும்.

அங்கே ஓ.எம்.ஆர். தாள் வந்தது. வட்டத்தைக் கறுப்பாக்கும் அந்தத் தாளில் சின்னக் கிறுக்கல் விழுந்தாலும் இயந்திரம் தவறாகப் படித்துவிடும். ரஃப் ஒர்க்கை விடைத்தாளின் ஓரத்தில் போடும் பழைய வழக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே ரஃப் ஒர்க் வினாத்தாளுக்கு இடம் மாறியது. ஏ.ஐ.இ.இ.இ. காலத்து வினாப் புத்தகத்தின் அட்டையிலேயே ரஃப் ஒர்க்கை இந்தப் புத்தகத்தில் மட்டுமே போட வேண்டும் என்ற அறிவுரை இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதற்கென்று இடம் விட்டிருந்தார்கள், கடைசியில் ஒரு முழுப் பக்கமும் தந்திருந்தார்கள். தேர்வு முடிந்ததும் விடைத்தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம் என்றும் அதே அட்டையில் அச்சிட்டிருந்தது. நீட் தேர்விலும் இதே முறைதான். கணக்கு ஆசிரியன் கண்ணில் இதுதான் சரியான ஏற்பாடு. கேள்வி, அதன் கீழேயே யோசனை, அதன் ஓரத்தில் மாணவர் தேர்ந்த விடை, மூன்றும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

அப்படி வீட்டுக்கு வந்த புத்தகம் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2018ஆம் ஆண்டு நீட் ஒரு சான்று. அந்த ஆண்டு தமிழில் எழுதியவர்களுக்கு ஆங்கிலமும் தமிழும் அடுத்தடுத்து அச்சிட்ட புத்தகம் தரப்பட்டது. தேர்வு முடிந்து வெளியே வந்த பிறகு தமிழ் வரிகளை ஆங்கில வரிகளோடு வைத்துப் பார்த்தவர்கள் பிழைகளை எண்ணத் தொடங்கினார்கள். சில இடங்களில் தமிழ்ச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லே தமிழ் எழுத்தில் இருந்தது. சில இடங்களில் பொருளே மாறியிருந்தது. 180 வினாக்களில் 49 வினாக்கள் பிழையானவை என்ற பட்டியலோடு, அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அந்த ஜூலையில் நீதிமன்றம் ஒரு வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 49 வினாக்களுக்கு 196 மதிப்பெண்களைத் தமிழில் எழுதிய அனைவருக்கும் கருணை மதிப்பெண்ணாகத் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் உடனே அதற்குத் தடை விதித்தது, நவம்பரில் அந்தத் தீர்ப்பையே நீக்கியும் விட்டது. எல்லாருக்கும் ஒரே மாதிரி 196 மதிப்பெண் தருவது சரியா என்று இன்றும் இரு தரப்பாகப் பேசலாம். ஆங்கில வடிவமே இறுதியானது என்ற அறிவுரை எந்த அளவுக்கு நியாயம் என்பதும் தனியாகப் பேச வேண்டியது. நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய படியை. 49 என்று யாரோ ஒருவர் எண்ணிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அச்சிட்ட புத்தகம் மாணவர் வீட்டு மேசையில் கிடந்ததுதான். அறையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தால் "தமிழ் புரியவே இல்லை சார்" என்ற புலம்பலோடு அது முடிந்திருக்கும்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் வினாத்தாளில் எழுதுவது, அதை எடுத்துச் செல்வது என்ற இரண்டு உரிமைகளும் பிரிந்து நிற்கின்றன. குரூப் தேர்வுகளின் வினாத் தொகுப்பைத் தேர்வு முடிந்ததும் எடுத்துச் செல்லலாம். ஆனால் அதில் விடையைக் குறியிடவோ குறிப்பிட்டுக் காட்டவோ கூடாது. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய தாள் ஒன்றைத்தான் ரஃப் ஒர்க்குக்கு விட்டிருக்கிறார்கள், அதைத் தவிர வேறெங்கும் எழுதக் கூடாது என்பதும் அட்டையில் அச்சான அறிவுரை. 200 வினாக்கள், மூன்று மணி நேரம். தனிவட்டி, கூட்டுவட்டி, நேரமும் வேலையும், எண் தொடர் என்று திறனறிவு வினாக்கள் தொகுப்புக்குள் வரும்போதெல்லாம் தேர்வர் பின்பக்கம் புரட்டிப் போய்க் கணக்குப் போட்டுவிட்டு முன்பக்கம் திரும்ப வேண்டும். பயிற்சி மையங்களில் இதற்கென்றே ஒரு பழக்கம் சொல்லித்தருவார்கள். அந்த ரஃப் தாளை நான்காக மடித்த மாதிரி கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் வினா எண்ணை எழுதிய பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும் என்பார்கள். எண் எழுதாதவர் சந்தேகம் வந்து திரும்பிப் பார்க்கும்போது எந்த 12,500 எந்தக் கேள்வியுடையது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து போடுவார். அதில் இரண்டு நிமிடம் போய்விடும்.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் வீட்டுக்கு வந்த பிறகு. சில நாட்களில் தேர்வாணையம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிடும். அது எப்படி வரும் தெரியுமா? வினாத் தொகுப்பையே வெளியிட்டு, ஒவ்வொரு வினாவின் சரியான விடை மேலும் டிக் போட்டிருப்பார்கள். தேர்வர் கையில் இருக்கும் தொகுப்போ வெறுமையாக இருக்கும். வினா வரிசையும் மாறியிருக்கும். 143ஆம் வினாவுக்கு பி போட்டோமா சி போட்டோமா என்று அவருக்கு நினைவிருக்காது. 200 விடைகளை நினைவில் வைக்க யாராலும் முடியாது. அதனால் நடப்பது என்னவென்றால், கூர்மையான தேர்வர்கள் நகத்தால் ஒரு கீறல், பேனா முனையால் ஒரு மயிரிழைப் புள்ளி என்று வைத்துவிடுவார்கள். கண்டிப்பான கண்காணிப்பாளர் அமைந்தால் அதுவும் முடியாது. விதிக்குக் கட்டுப்பட்டவர் தன் மதிப்பெண் தெரியாமல் மாதக் கணக்கில் காத்திருப்பார், மீறியவர் அன்றைக்கே எண்ணிப் பார்த்துவிடுவார். இப்போது பல தேர்வுகளுக்குத் தேர்வரின் ஓ.எம்.ஆர். தாளின் நகலை அவரவர் கணக்கில் இணையத்தில் பார்க்க முடிகிறது. அது வந்த பிறகு இந்தக் குறை பாதி தீர்ந்தது. மீதிப் பாதியையும் எளிதாகத் தீர்க்கலாம் என்பது என் கருத்து. வினா வரிசை ஆளுக்கு ஆள் மாறியிருக்கும் தொகுப்பில் ஒருவர் போட்ட டிக் பக்கத்தில் இருப்பவருக்குப் பயன்படாது. ஏ டைப், பி டைப் இல்லாத காலத்து அச்சத்தில் பிறந்த விதி இன்னும் எதற்கு என்று தேர்வாணையம் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எடுத்துச் செல்வதில் 'முடிந்த பிறகு' என்ற நிபந்தனைக்கு மட்டும் நான் எப்போதும் ஆதரவு. அதைப் பல மாணவர்கள் வெறும் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். 2024 மே 5 அன்று நீட் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5.20 வரை நடந்தது. ராஜஸ்தானின் சவாய் மாதோபூரில் ஒரு மையத்தில் இந்தி வழித் தேர்வர்களுக்கு ஆங்கில வினாத்தாளைத் தவறாகக் கொடுத்துவிட்டார்கள். அதைத் திருத்துவதற்குள் சிலர் கண்காணிப்பாளர்களை மீறி வினாத்தாளோடு வெளியே போய்விட்டார்கள். மாலை 4 மணி வாக்கில் அது இணையத்தில் சுற்றியது. மற்ற எல்லா மையங்களிலும் தேர்வு அதற்குள் தொடங்கிவிட்டது, ஆகவே தேர்வுக்குப் பாதிப்பில்லை என்று தேசியத் தேர்வு முகமை விளக்கம் தந்தது. ஆனால் தேர்வு முடிய இன்னும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே யாரோ விடை கண்டுபிடித்து உள்ளே அனுப்ப வழி வைத்திருந்தால் அந்த நேரம் போதும். கழிப்பறைக்குப் போகிறவர் வினாத்தாளை மேசையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நாங்கள் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். கடைசி மணி அடித்து விடைத்தாள்களை எண்ணி முடித்த பிறகு அந்தத் தாளில் ரகசியம் எதுவும் மிச்சமில்லை. அதற்கு ஒரு நிமிடம் முன்பு வரை அது ரகசியம்.

இலங்கையில் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள், பலருக்கும் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். அங்கே உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் போன்ற பாடங்களின் இரண்டாம் வினாத்தாள் இரு பகுதிகளாக வரும். பகுதி ஏ அமைப்புக் கட்டுரை வினாக்கள். அவற்றுக்கு விடையை வினாத்தாளிலேயே, வினாவுக்குக் கீழே விட்டிருக்கும் புள்ளிக் கோடுகளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பகுதி பிக்குத்தான் தனி விடைத்தாள். பரீட்சை மண்டபத்திலிருந்து பகுதி பியை மாத்திரம் வெளியே எடுத்துச் செல்லலாம் என்று தாளிலேயே அச்சிட்டிருக்கும். எழுதலாமா, எடுத்துச் செல்லலாமா என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே தாளைக் கிழித்துப் பிரித்துத் தீர்த்துவிட்டார்கள். எழுதும் இடத்தின் அளவே எவ்வளவு எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

இனி திரைக்கு வருவோம். என்.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. மெயின் 2019 முதல் முழுக்கக் கணினி வழித் தேர்வானது. வினாத்தாள் என்ற பொருளே அங்கே இல்லை. கேள்வி திரையில் தெரியும், எழுத வெள்ளைத் தாள்கள் தருவார்கள். தாளின் தலையில் பெயரும் பதிவு எண்ணும் எழுத வேண்டும், வெளியே வரும்போது அதற்கென்று வைத்த பெட்டியில் போட்டுவிட வேண்டும். கேள்வி ஓரிடத்திலும் யோசனை வேறோரிடத்திலும் ஆகிவிட்டது. இதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

மூன்று நிரைகள் கொண்ட அணிக்கோவை ஒன்றின் மதிப்பைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிரை 2, −1, 3. இரண்டாம் நிரை 1, 4, −2. மூன்றாம் நிரை 3, 0, 5. காகிதத்தில் அச்சாகியிருந்தால் பழகிய மாணவர் எதையும் பெயர்த்து எழுத மாட்டார். மூன்றாம் நிரையில் இருக்கும் 0வைச் சுழிப்பார், அந்த நிரை வழியே விரித்தால் நடு உறுப்பு காணாமல் போகும் என்று அவருக்குத் தெரியும். 3ஐத் தொட்டு அதன் நிரையையும் நிரலையும் பேனாவால் மறைப்பார். மிச்சம் இருக்கும் நான்கு எண்களில் (−1)(−2) − 3 × 4 = −10, ஆக 3 × (−10) = −30. அடுத்து 5. அதற்கு மிச்சம் 2 × 4 − (−1)(1) = 9, ஆக 45. ஓரத்தில் −30, 45 என்று இரண்டே எண்கள், விடை 15. அரை நிமிடம்.

திரையில் இதே கணக்கு வந்தால் ஒன்பது எண்களையும் தாளுக்குப் பெயர்க்க வேண்டும். கண் மேலே, கை கீழே. இரண்டாம் நிரையின் கடைசியில் இருக்கும் −2 தாளில் 2 ஆக விழுந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது முதல் பகுதி (−1)(2) − 12 = −14, மூன்றால் பெருக்கினால் −42. இரண்டாம் பகுதி மாறாமல் 45. விடை 3. வினா அமைப்பவர்கள் குறி தவறுவதை எதிர்பார்த்து 3ஐயும் விடைகளில் ஒன்றாக வைத்திருக்கலாம். எண்ணையே தட்டச்சு செய்ய வேண்டிய வகை வினா என்றால் எச்சரிக்க எதுவுமே கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால், மாணவர் சரிபார்த்தாலும் பிழை அகப்படாது. அவர் தாளைப் பார்த்துத்தான் சரிபார்ப்பார். தாளில் இருப்பது 2. மறுபடியும் 3 தான் வரும், இரண்டு முறை போட்டும் ஒரே விடை வந்ததே என்று நம்பிக்கையோடு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்.

பிழை எந்த இடத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தடுக்கலாம். என் மாணவர்களிடம் நான் சொல்வது இரண்டு பழக்கங்கள். பெயர்த்து எழுதி முடித்ததும் கணக்கைத் தொடங்காதே, தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணின் மேலும் பேனாவை வைத்து, திரையில் அதே எண்ணைப் பார்த்து, குறியோடு மனத்துக்குள் படி. இதற்கு ஐந்து நொடி போதும். இரண்டாவது, சந்தேகம் வந்தால் கணக்கைத் திரும்பப் போடாதே, முதலில் திரையைப் பார். வடிவியல் படமோ மின்சுற்றோ வந்தால் முழுப் படத்தையும் அழகாக வரைய வேண்டாம். கணக்குக்குத் தேவையான கோடுகளும் அளவுகளும் போதும், ஆனால் எந்த முனைக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. வீட்டுப் பயிற்சியிலும் அச்சிட்ட தாளில் அடிக்கோடிட்டுப் பழகியவர் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே கேள்வியைத் திரையில் வைத்து, தனித்தாளில் போட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டும். கண்ணும் கையும் இந்தத் தூரத்துக்குப் பழகுவதற்கு நாளாகும்.

எடுத்துச் செல்லும் உரிமை திரையில் வேறு உருவில் திரும்பி வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜே.இ.இ. மெயினில் சில நாட்கள் கழித்து வினாக்களும், தேர்வர் எதை அழுத்தினார் என்ற பதிவும், உத்தேச விடைக்குறிப்பும் அவரவர் கணக்கில் கிடைக்கின்றன. விடைக்குறிப்பு தவறு என்று நினைத்தால் ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டி மறுப்புத் தெரிவிக்கலாம். "எதைப் போட்டோம்" என்ற பழைய நினைவுப் போராட்டம் இதனால் முடிந்துவிட்டது. அந்த வகையில் அப்பா வாசலில் நின்று விசாரித்த காலத்தைவிட இது நல்லது. ஆனால் "ஏன் அதைப் போட்டோம்" என்பது அந்தப் பெட்டியோடு போய்விடுகிறது. 3 என்று பதிவாகியிருப்பதைப் பார்க்கும் மாணவர் தனக்கு அணிக்கோவை வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். குறியை விட்டுப் பெயர்த்ததுதான் காரணம் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த வெள்ளைத் தாள்.

வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்த அளவுகூடக் கிடையாது. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். வினாக்களை வெளியிடுவதில்லை, ரஃப் தாளையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். எழுதிவிட்டு வந்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு நாலு கேள்வியாக நினைவுபடுத்திச் சேர்க்கும் பட்டியல்தான் அடுத்தவருக்கு மிஞ்சும். நல்ல வினாவைத் திரும்பவும் பயன்படுத்த வேண்டும் என்ற தேவை சில தேர்வுகளுக்கு மெய்யாகவே உண்டு. எய்ம்ஸ் உயர் சிறப்பு மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வின் வினாக்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அவ்வளவு குறுகிய துறையில் தரமான வினாக்கள் கொஞ்சம்தான் அமைக்க முடியும், வெளியிட்டால் அந்த இருப்பு தீர்ந்துவிடும் என்ற வாதத்தை 2012இல் நீதிமன்றம் ஏற்றது. இதய மருத்துவத்தின் ஒரு நுண்பிரிவுக்கு அந்த வாதம் பொருந்தும். பின்னக் கூட்டலும் சதவீதமும் கேட்கும் தேர்வுக்குப் பொருந்துமா என்றால், எண்ணை மாற்றினாலே புது வினா கிடைக்கும் பாடத்தில் இருப்பு தீர்ந்துபோக என்ன இருக்கிறது?

ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு 2018இல் கணினிக்கு மாறியபோது ரஃப் தாள் விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி உருவானது. அங்கே தனித்தனித் தாள்களுக்குப் பதிலாகக் கிறுக்கல் புத்தகம் ஒன்று தருகிறார்கள். பெயரும் பதிவு எண்ணும் எழுதி வைத்துக்கொண்டு, தேர்வு முடிந்ததும் அதை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். நாடு முழுவதும் எல்லாரும் ஒரே நாளில் அதே இரண்டு தாள்களை எழுதுவதால் வெளியே போகும் கிறுக்கலால் அடுத்தவருக்கு ஆதாயம் கிடைக்க வழியில்லை. மெயின் தேர்வு பல நாள், பல வேளைகளில் நடக்கிறது. காலை வேளைத் தாள் மதியம் வெளியே இருப்பது பற்றி முகமை தயங்குவதாகவே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு வேளைக்கும் வினாக்கள் வேறு, பிற்பாடு அவையும் வெளியிடப்படுகின்றன. பெட்டியில் விழும் தாளில் பெயரும் எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. புத்தகமாகத் தைத்துக் கொடுத்து, வினா எண்ணுக்கு இடது ஓரத்தில் ஒரு கட்டம் அச்சிட்டு, அட்வான்ஸ்டு தேர்வைப் போலவே எடுத்துச் செல்ல விட்டுவிடலாம். விடைப் பதிவு வெளியாகும் அன்று மாணவர் அதைப் பக்கத்தில் விரித்து வைத்து, தவறிய ஒவ்வொரு வினாவிலும் தான் எந்த வரியில் சறுக்கினோம் என்று பார்த்துக்கொள்வார்.